காய்கறிக் கூடைக்கு என்ன பெயர்?

கோயம்புத்தூரில் 60 வீடுகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காய்கறி, பழம் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் மாதச் சந்தா தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீரையும் கத்தரியும் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. உருளையும் வெங்காயமும் மொத்த மண்டியிலிருந்து. அவர் கையில் நான்கு பெயர்கள்: பசுமை ஃப்ரெஷ், வாரக்கூடை, ஆறுமணிக் கூடை, காலைக்கூடை.

முதல் பெயரை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். ‘பசுமை’, ‘ஃப்ரெஷ்’ இரண்டும் ஊரில் பாதிக் கடைப் பலகைகளில் இருக்கின்றன. வாடிக்கையாளர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும்போதே வேறு கடையோடு குழம்பிவிடும். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரை ஒருவருக்கு உரிமையாக்கப் பொதுவாக மறுக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் கூடைக்குள் இருக்கிறது. கீரை முந்தின நாள் மாலை பறித்ததாக இருக்கலாம். ஆப்பிளோ குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்திருக்கலாம், உருளைக்கிழங்கும் அப்படியே. அறுவடையைச் சொல்லிப் பெயர் வைத்தால், பாதிக் கூடைக்கு அது பொய்யாகிவிடும்.

‘வாரக்கூடை’ தவறாமல் வரும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் காதில் விழும்போது ஒரு வாரம் வைத்திருந்த காய் என்றும் படுகிறது. அரைக்கீரை குளிர்சாதனப் பெட்டியிலேயே மூன்று நாள் தாண்டினால் சோர்ந்துபோகும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். போதாததற்கு, இங்கே வண்டி வருவதே வாரம் இரண்டு முறை.

ஆகவே காய் புதிது என்பதையும் தவறாமல் வரும் என்பதையும் ஒரே சொல்லில் தருவது, பொருள் வந்து சேரும் வேளைதான். விடிந்ததும் வாசலில் இருக்கும் காய் என்றாலே புதிது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ‘ஆறுமணிக் கூடை’ கேட்க அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே வண்டி, ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம், 60 வீட்டுக்கு மூன்று மணி நேரம். ஐந்துக்குக் கிளம்பினால் எட்டுக்குத்தான் முடியும். கடைசி நாற்பது வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் பெயரே புகாராக மாறும். அதற்குப் பதில் ‘விடியல்’ என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல் இப்போது அரசியல் முழக்கமாகவும் பேருந்துத் திட்டத்தின் பெயராகவும் காதில் விழுகிறது. காய்கறிக்காரருக்கு அது வேண்டாம்.

என் தேர்வு ‘காலைக்கூடை’. எட்டு மணி வரை பெயர் பொய்க்காது. நாளை மூன்றாவது கிழமை சேர்ந்தாலும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு. ஆங்கில எழுத்தில் kalaikoodai என்று அடித்தால் கலைக்கூடை என்று படிப்பார்கள். அதனால் கைப்பேசியில் சேமிக்கும் பெயரிலும் பணம் அனுப்பும் கணக்கிலும் kaalaikoodai என ஒரே மாதிரி வைத்து, பையில் தமிழிலேயே பெரிதாக அச்சிட வேண்டும். அதன் அடியில் சின்னதாக ஒரு வரி: செவ்வாய், வெள்ளி, காலை 8 மணிக்குள். கிழமை மாறினால் அந்த வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையத் தேடலில் காய்கறிக்கான 31-ஆம் வகுப்பையும் விற்பனைச் சேவைக்கான 35-ஆம் வகுப்பையும் பார்த்துவிடுங்கள்; ‘காலை’ என்று தொடங்கும் பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.