கிரிட் பாட்: விலை எல்லையைத் தாண்டும்போது

நம்பிக்கை: விலை ஏறினாலும் இறங்கினாலும் கிரிட் பாட் சம்பாதித்துக்கொண்டே இருக்கும்.

உண்மை: நாம் போட்ட எல்லைக்குள் விலை ஊசலாடும்வரைதான் அது சம்பாதிக்கும். 2022 மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை பிட்காயின் பெரும்பாலும் 28,000 டாலருக்கும் 32,000 டாலருக்கும் இடையில்தான் இருந்தது. இந்த பாட்டுகளுக்கு இதைவிட வசதியான சந்தை கிடையாது. விலை 30,000-ல் இருக்கும்போது, 500 டாலருக்கு ஒரு படி, படிக்கு 0.01 பிட்காயின் என்று ஒருவர் பாட்டை ஓடவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேலே உள்ள நான்கு படிகளில் விற்பதற்காக அது உடனே 0.04 பிட்காயின் வாங்கிக்கொள்ளும். கீழே 29,500 முதல் 28,000 வரை வாங்கும் ஆர்டர்கள் நான்கைப் போட்டுவைக்கும். ஒரு படியில் வாங்கி அடுத்த படியில் விற்றால் 5 டாலர். பரிவர்த்தனைக் கட்டணம் போகச் சுமார் 4.40. இது நாற்பது முறை நடந்தால் 176 டாலர்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் விலை 28,000-ஐ உடைத்துக்கொண்டு இறங்கியது. இறங்கும் வழியில் ஒவ்வொரு படியிலும் பாட் வாங்கிக்கொண்டே வரும். விற்கும் வாய்ப்பு இருக்காது. கடைசியில் அதன் கையில் 0.08 பிட்காயின், அடக்கம் 2,350 டாலர். சில நாட்களில் விலை 20,000-ஐத் தொட்டபோது அதன் மதிப்பு 1,600. நட்டம் 750. திரையில் ‘கிரிட் லாபம்’ என்ற இடத்தில் மட்டும் அதே 176 பச்சையில் நிற்கும். பார்க்க வேண்டியது அதையல்ல, மொத்தக் கணக்கை: 574 டாலர் நட்டம்.

நம்பிக்கை: எல்லையைத் தாண்டியதும் பாட் நின்றுவிடும், நட்டமும் அதோடு நின்றுவிடும்.

உண்மை: நிற்பது வர்த்தகம் மட்டும்தான். வாங்கிய காயின் கையிலேயே இருக்கிறது, விலையோடு சேர்ந்து இறங்குகிறது. மேல்பக்கம் தாண்டினால் நிலைமை வேறு: எல்லாவற்றையும் விற்றுப் பணமாக உட்கார்ந்திருக்கும், அதற்குமேல் ஏறுவதில் பங்கு கிடைக்காது. லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, நட்டமோ போட்ட பணம் முழுவதும் போகும்வரை நீளலாம்.

நம்பிக்கை: காத்திருந்தால் விலை எல்லைக்குள் திரும்பிவிடும்.

உண்மை: பிட்காயின் மறுபடி 28,000-ஐத் தொட்டது 2023 மார்ச்சில். அதுவரை ஒன்பது மாதம் பணம் முடங்கியிருக்கும். 2022 மே மாதம் சரிந்த லூனா திரும்பவே இல்லை. மூன்று மடங்கு லெவரேஜில் ஃபியூச்சர்ஸ் கிரிட் ஓட்டியவருக்குக் காத்திருக்கும் வாய்ப்பே கிடையாது. சரிவு தொடர்ந்தால் எக்ஸ்சேஞ்சே அவர் கணக்கை முடித்துவிடும்.

இதே பாட்டில் 27,000-ல் ஸ்டாப் லாஸ் போட்டு, அந்த விலைக்கே விற்றும் போயிருந்தால் நட்டம் 190 டாலர். சம்பாதித்த 176-ஐக் கழித்தால் மிஞ்சுவது 14. வேகமான சரிவில் இன்னும் சற்றுக் குறைந்த விலைக்கே விற்கும், ஆனாலும் 574 ஆகாது. பாட்டை ஓடவிடுமுன் அந்த ஒரு எண்ணைப் போடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.