கடித்த இலை சொல்லும் செய்தி: கறிவேப்பிலைச் செடியில் ஒரு பாடம்

பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலை பெரும்பாலும் சத்துணவுக் கூடத்துக்குப் போகிறது. அதனால் இலை கடிபட்டிருப்பதைப் பார்த்தவுடன் கடையில் விற்கும் பூச்சிமருந்தைத் தெளித்துவிட முடியாது. முதலில் கடித்தது யார் என்று கண்டறிய வேண்டும். இதையே ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உற்றுநோக்கல் பாடமாக நடத்தலாம். தேவையானவை ஒரு கைப்பேசியும் ஓர் ஒரு ரூபாய் நாணயமும் மட்டுமே.

படம் எடுக்கும் முறை

ஒரே கிளையை மூன்று படங்களாக எடுக்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் முழுக் கிளையும் தெரிய வேண்டும். இரண்டாவது, கடிபட்ட இலையின் மேற்புறம். பக்கத்தில் நாணயத்தைப் பிடித்தால் அளவு புரியும். மூன்றாவது, அதே இலையின் அடிப்புறம். மறுநாள் அதே நேரத்தில் மூன்றையும் மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டு நாள் படங்களையும் ஒப்பிட்டால்தான் சேதம் தொடர்கிறதா என்பது தெரியும்.

படத்தைப் படித்தல்

மாணவர்கள் எடுத்த படத்தில் இவை தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நுனிக் கொழுந்தில் சிற்றிலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்னப்பட்டு, சிலவற்றில் நடுநரம்பு மட்டும் நிற்கிறது. கீழேயுள்ள முற்றிய இலைகளில் கடி இல்லை. அவற்றின் மேல் கருமையான சிறு உருண்டைகள் கிடக்கின்றன. ஓர் இலையின் நடுவில் பறவை எச்சம் போன்ற ஒன்று, பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கேள்வி எழுப்புங்கள். கடித்த ஓரம் பச்சையாக இருக்கிறதா, காய்ந்து பழுப்பாகிவிட்டதா? பச்சையானால் புதிய கடி; புழு அருகில் இருக்கும். பழுப்பானால் அது முன்பே தின்றுவிட்டுப் போயிருக்கலாம். உருண்டைகள் புழுவின் எச்சம். அவை கிடக்கும் இடத்துக்கு நேர்மேலே தேட வேண்டும். 'பறவை எச்சம்' மறுநாள் படத்தில் இடம் மாறியிருந்தால் அதுவே புழு. குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டும். காட்டமான வாடையும் வரும்.

இது எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் அக்குடும்பமே. இளம்பருவத்தில் எச்சம்போல் தோன்றி எதிரிகளிடமிருந்து தப்பும் இப்புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறையும். பெரிய சேதம் செய்வது இந்தக் கடைசிப் பருவம்தான். ஆனால் படத்தில் கண்ணுக்குப் படாமல் போவதும் அதுவே. எனவே படத்தில் புழு இல்லை என்பதால் செடியிலும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இலை கடிபடாமல் சுருண்டு மட்டும் இருந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை. செம்பருத்தி இலையில் ஓட்டைகளோடு பளபளக்கும் கோழைத் தடமும் இருந்தால் நத்தையைத் தேடுங்கள்.

மென்மையான கட்டுப்பாடு

செடி இடுப்புயரத்துக்கு மேல் வளர்ந்து, இரண்டு மூன்று புழுக்களே இருந்தால் விட்டுவிடலாம். கொழுந்து மீண்டும் துளிர்க்கும். சிறு செடியானால் இலையோடு கிள்ளி எடுத்து, பெரிய கறிவேப்பிலை மரத்தில் விடலாம். ஒன்றிரண்டைத் துளையிட்ட பெட்டியில் வைத்து, தினமும் புதிய கொழுந்து கொடுத்து வகுப்பில் வளர்க்கலாம். கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவதை மாணவர்கள் நேரில் பார்ப்பார்கள். உடலில் மயிர் உள்ள புழுவை மட்டும் கையால் தொடவிடாதீர்கள், அரிப்பு உண்டாகும்.

எண்ணிக்கை அதிகமானால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி சோப்புக் கரைசலை முதலில் கலக்கி, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றிக் குலுக்க வேண்டும். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஓரிடத்தில் அதிகமாகப் படிந்து இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை என இரண்டு மூன்று முறை போதும். தெளித்தபின் ஒரு வாரம் அச்செடியில் இலை பறிக்காமல், பிறகு நன்றாகக் கழுவிச் சமையலுக்குக் கொடுக்கலாம்.

இக்கரைசல் புழுவை உடனே கொல்லாது. தின்பதையும் வளர்வதையும் தடுக்கும். இளம்புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும், வளர்ந்தவற்றிடம் பலன் குறைவு. அவற்றைக் கையால் எடுப்பதே வழி. தெளித்த மூன்றாம் நாள் அதே கிளையை மீண்டும் படமெடுத்து, பச்சை ஓரத்துடன் புதிய கடி இருக்கிறதா என்று மாணவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த விடையே இப்பாடத்தின் மதிப்பீடு.