பேடை விட்டு ஸ்டிக்குக்கு மாறலாமா? பணம் கட்டும் முன் மூன்று வாரச் சோதனை

கொல்கத்தாவின் பெஹாலாவில் ஆர்கேட் ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய கடை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. சௌரஸ்தாவிலிருந்து பஸ் பிடித்து எஸ்பிளனேடு போய், சாந்தினி சௌக்கின் எலெக்ட்ரானிக்ஸ் சந்துகளில் அலைந்தால் பட்டன், ஒயர், சிறு சுவிட்ச் எல்லாம் கிடைக்கும். முழு ஸ்டிக் வேண்டுமென்றால் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டு, இறக்குமதி வரியும் கட்டி, வந்த பிறகுதான் கைக்குச் சரிப்படுமா என்று தெரியும். அதனால் வாங்குவதற்கு முன்பே விடை கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறவர்களுக்கு அந்த வழி வீட்டு மேசையிலேயே இருக்கிறது: கீபோர்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேட் என்பது குறைந்த கருவி அல்ல. 2014 எவோ போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை பிரான்ஸின் லூஃபி வென்றது பழைய பிளேஸ்டேஷன் பேடில்தான். ஆகவே ‘ஜெயிக்க ஸ்டிக் வேண்டுமா’ என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறு பேடால் வருகிறதா, பழக்கத்தால் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

படி 1: தவறை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்

பயிற்சி அறைக்குள் போய், உள்ளீட்டு வரிசையைத் திரையில் காட்டும்படி வையுங்கள். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு திசையும் பட்டனும் அதில் விழும். ரியூவை எடுத்து ஷோரியுகென் போடுங்கள்: முன், கீழ், கீழ்-முன், பிறகு பஞ்ச். வலப்பக்கம் பார்த்து 20 முறை, இடப்பக்கம் பார்த்து 20 முறை. எத்தனை வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் பேடுக்கு எழுதியது: வலப்பக்கம் 17, இடப்பக்கம் 11. இடப்பக்கம் வராத ஒன்பது முறையும் உள்ளீட்டு வரிசை ஒரே கதையைத்தான் சொன்னது. கட்டைவிரல் டி-பேடின் விளிம்பில் வழுக்கி, கீழ்-முன் விழ வேண்டிய இடத்தில் வெறும் முன் மட்டும் விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் ஆடினால் அந்த விரலின் அடிமூட்டும் வலிக்கத் தொடங்கிவிடும். இது கருவி சார்ந்த தவறு. மாறாக, வரிசை சரியாக விழுந்தும் அடி தாமதமாக வருகிறது, பதற்றத்தில் வேறு பட்டனை அழுத்துகிறீர்கள் என்றால், எந்தக் கருவியும் அதைத் திருத்தாது. அப்படியானால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பேடிலேயே பயிற்சி செய்யலாம்.

படி 2: கையில் என்ன மாறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பேடில் நான்கு திசையையும் ஒரே கட்டைவிரல் சுமக்கிறது. ஆர்கேட் ஸ்டிக்கில் அந்த வேலை மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் போகிறது. லீவரின் அடியில் நான்கு மைக்ரோசுவிட்ச் இருக்கும். லீவர் சாயும்போது அவற்றில் ஒன்றோ இரண்டோ அழுந்தும். ஜப்பானிய சான்வா லீவரில் பெரும்பாலும் சதுர கேட் வரும், அதாவது லீவர் நகரும் எல்லை சதுர வடிவில் இருக்கும். சாய்வுத் திசைகள் அதன் மூலைகளில். புதிதாக வருகிறவர்கள் லீவரைச் சுவரில் மோதும் வரை தள்ளுவார்கள். சுவிட்ச் அதற்கு முன்பே அழுந்திவிடுகிறது. மோதல் நேரத்தை வீணாக்குவதோடு கையையும் களைக்க வைக்கிறது.

ஹிட்பாக்ஸ் வகையில் லீவரே இல்லை. இடம், கீழ், வலம் மூன்றும் ஒரே வரிசையில் மூன்று விரல்களுக்கு. மேலே குதிக்க, கீழ்ப்புறம் கட்டைவிரலுக்கு ஒரு பெரிய பட்டன். லீவர் இடமிருந்து வலம் போக நடுவைக் கடந்தாக வேண்டும். இங்கே ஒரு விரலை எடுத்து இன்னொன்றை வைத்தால் போதும். பலம் அதுதான். வட்டமாகச் சுழற்றும் அசைவுகளுக்கு, குறிப்பாக ஸாங்கீஃபின் முழுச் சுற்றுக்கு, கை இயல்பாகச் சுழல்வது லீவரில்தான். பட்டன்களில் அதை விரல் விரலாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

படி 3: கீபோர்டை ஹிட்பாக்ஸாக மாற்றுங்கள்

ஆட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இடத்துக்கு A, கீழுக்கு S, வலத்துக்கு D, குதிக்க Space வையுங்கள். பஞ்ச் மூன்றும் U, I, O. கிக் மூன்றும் J, K, L. கை வைக்கும் விதம் கிட்டத்தட்ட ஹிட்பாக்ஸேதான்.

தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். S, D இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு U, I, O, J, K, L ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதியாது. உள்ளீட்டு வரிசையில் ஏதாவது பட்டன் விழவில்லையென்றால் அந்தத் தாக்குதலை வேறு எழுத்துக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால், கீபோர்டின் குறையை உங்கள் கையின் குறை என்று நினைத்துவிடுவீர்கள்.

வலப்பக்கம் பார்த்து ஷோரியுகென் போட: D-ஐத் தட்டி விடுங்கள், S-ஐ அழுத்திப் பிடியுங்கள், பிடித்தபடியே D, உடனே U. இடப்பக்கம் பார்க்கும்போது D இருந்த இடத்தில் A. முதல் D-ஐ விடத் தாமதமானால் பரவாயில்லை, நடுவில் ஒரு கீழ்-முன் கூடுதலாக விழும், அவ்வளவுதான். S-ஐ முன்கூட்டியே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்போது வரிசையில் கடைசிச் சாய்வுத் திசை காணாமல் போயிருக்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்.

படி 4: மூன்று வாரம், தினமும் அரை மணி

முதல் வாரம் சண்டையே வேண்டாம். நடப்பது, குனிவது, குதிப்பது மட்டும். பேடில் பழகிய மூளைக்கு ‘மேலே’ என்பது மேலே இருக்கும். இங்கே அது கட்டைவிரலுக்குக் கீழே. முதல் சில நாள் கட்டைவிரல் Space மேல் கனத்து, கேட்காமலே ஆள் குதிப்பான். விரலை விசையின் மேல் ஊன்றாமல் லேசாகத் தொட்டபடி வைக்கப் பழகுங்கள். இரண்டாவது வாரம் ஷோரியுகெனும் ஹடோக்கெனும். மூன்றாவது வாரம் ஆட்களோடு ஆடுங்கள்; தோல்விகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். 21-ஆம் நாள் முதல் படியின் 40 முறையைத் திரும்பச் செய்து நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு முதல் வார முடிவில் வலப்பக்கம் 9, இடப்பக்கம் 8 என்று விழுந்தது. மூன்றாவது வார முடிவில் 16, 16. வலப்பக்கம் ஒன்று குறைந்தது. இடப்பக்கம் ஐந்து கூடியது. விரல் வலியும் வரவில்லை. பக்கத்துத் தெருத் தம்பியும் இதே சோதனையைச் செய்தார். பேடில் 18, 17 எடுத்தவர், மூன்று வாரத்துக்குப் பிறகு கீபோர்டில் 15, 15.

படி 5: முடிவெடுங்கள்

நான் பின்பற்றும் அளவுகோல் இது: பலவீனமான பக்கம் 20-க்குக் குறைந்தது மூன்று கூடியிருக்க வேண்டும், அல்லது பேடில் வந்த வலி நின்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது நடந்திருந்தால் ஹிட்பாக்ஸ் வகைக்கு மாறலாம். நடக்கவில்லையென்றால் பேடிலேயே இருங்கள். அதனால்தான் நான் மாறினேன், தம்பி மாறவில்லை. வலி மட்டும் புதுக் கருவியிலும் தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

லீவர் உள்ள ஸ்டிக்கை கீபோர்டால் சோதிக்க முடியாது. ஆர்கேடில் லீவர் பிடித்து வளர்ந்தவர்களுக்கும், ஸாங்கீஃப் போன்ற பிடிச்சண்டைக்காரர்களை ஆடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். பேடில் மட்டுமே பழகியவருக்கு இரண்டில் நீண்ட பாதை அதுதான். நண்பரிடம் இரவல் வாங்கி ஆடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

படி 6: வாங்கும்போதும் செய்யும்போதும் பார்க்க வேண்டியது

ஹிட்பாக்ஸில் இடத்தையும் வலத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியும், லீவரில் முடியாது. அப்போது கருவி ஆட்டத்துக்கு என்ன சொல்கிறது என்பதில்தான் சர்ச்சையே பிறந்தது. 2019-இல் டைகோ உமேஹாரா பயன்படுத்திய காஃப்ரோ பாக்ஸைத் தன் புரோ டூரில் அனுமதிக்க முடியாது என்று கேப்காம் சொன்னது இந்த எதிர்த்திசைச் சிக்கலால்தான். பாதுகாப்பான அமைப்பு: இடமும் வலமும் சேர்ந்தால் இரண்டும் ரத்து, மேலும் கீழும் சேர்ந்தாலும் இரண்டும் ரத்து. இதற்கு ‘நியூட்ரல்’ என்று பெயர். இதிலும் ஒரு வசதி உண்டு. வலத்தைப் பிடித்துக்கொண்டே இடத்தையும் கீழையும் சேர்த்து அழுத்துங்கள். இடமும் வலமும் ரத்தாகி வெறும் கீழ் மட்டும் மிஞ்சும். பிறகு இடத்தை மட்டும் விட்டால் கீழ்-முன். ஷோரியுகெனின் மூன்று திசையும் வந்துவிட்டது.

கருவி வந்ததும் நீங்களே சோதியுங்கள். இடத்தைப் பிடித்தபடி வலத்தை அழுத்தினால் ஆள் நடக்காமல் நிற்க வேண்டும். கீழைப் பிடித்தபடி மேலை அழுத்தினால் குனியாமல், குதிக்காமல் நிற்க வேண்டும். போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியின் விதியையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

சொந்தமாகச் செய்ய விரும்பினால் ஒரு ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையும் GP2040-CE என்ற இலவச மென்பொருளும் போதும். ஒவ்வொரு பட்டனின் ஒரு கால் பலகையின் ஒரு பின்னுக்கும், மறு கால் பொதுவான கிரவுண்டுக்கும் போகும். ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே யூ.எஸ்.பி. செருகினால், பிரவுசரில் `http://192.168.7.1` என்ற முகவரியில் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே SOCD என்ற இடத்தில் Neutral தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டருக்கு இது போதும். பிளேஸ்டேஷன் 4-இல் அங்கீகாரம் இல்லாத கருவி எட்டு நிமிடத்தில் துண்டிக்கப்படும். ஆகவே கன்சோலில் ஆடுகிறவர்கள் அதற்கென்று உரிமம் பெற்ற கருவியாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

படி 7: மழைக்காலத்தைக் கடத்துங்கள்

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் சுவரே வியர்க்கும். அந்த ஈரம் சுவிட்சின் தொடுமுனைக்குள் போனால் ஒரு திசையைப் பிடித்திருக்கும்போதே அது கண நேரம் விட்டுவிட்டு வரும். கை தளர்ந்துவிட்டதென்று நினைத்து நான் ஒரு வாரம் வீணடித்தேன். சோதனை எளிது: ஒரு திசையைப் பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். உள்ளீட்டு வரிசையில் ஒரே வரி நீண்டால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. நடுவில் வெற்று வரி விழுந்தால் அந்த சுவிட்சை மாற்ற வேண்டும். அதனால், பட்டனைக் கழற்றி ஒயரை உருவி வேறு பட்டன் செருகக்கூடிய கருவியாக வாங்குங்கள். 30 மில்லிமீட்டர் சான்வா வகை அதற்கு ஏற்றது. பழைய பேடையும் டப்பாவில் போட்டு வையுங்கள். சுவிட்ச் வந்து சேரும் வரை ஆட்டம் நிற்காது.