திரும்பப் பெறும் மின்னஞ்சல்: ஓர் ஆய்வு மாணவிக்குப் பதில்

அன்புள்ள ஆய்வு மாணவிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த மின்னஞ்சல் வரைவும் கிடைத்தன. இதே நிலையில் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் ஊர், கோயில், கருத்தரங்கு ஆகியவற்றின் பெயர்களை விட்டுவிட்டு இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோயில் அடித்தளத்தில் இருக்கும் ஒரு சோழர் காலக் கல்வெட்டு இதுவரை பதிப்பிக்கப்படவில்லை என்று நினைத்து, அதைப் பற்றிய ஆய்வுச் சுருக்கத்தை ஒரு கல்வெட்டியல் கருத்தரங்குக்கு அனுப்பினீர்கள். அதில் 3 வேலி நிலத்துக்கு 15 கலம் நெல் வரி என்று வாசித்தீர்கள். வேலிக்கு 5 கலம்தான் ஆகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் காலத்து வரி வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் என்று வருவதால், உங்கள் ஊருக்குத் தனிச் சலுகை இருந்தது என்று வாதிட்டீர்கள். சுருக்கம் ஏற்கப்பட்டது. அதன் பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி ஒன்றில் அதே கல்வெட்டின் பாடம் அச்சாகியிருப்பதைக் கண்டீர்கள். நீங்கள் வேலி என்று படித்த இடத்தில் அங்கே மா என்று இருக்கிறது. 20 மா ஒரு வேலி. 3 மாவுக்கு 15 கலம் என்றால் வேலிக்குச் சரியாக 100 கலம். சலுகை என்று சொன்னது போய், எல்லா ஊரையும் போன்ற வரியாகிவிட்டது. கல் பொரிந்துபோன இடம் அது. பல ஆண்டுகளுக்கு முன் மைப்படி எடுத்தவர்கள் உங்களைவிடத் தெளிவான எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். சாய்வெளிச்சத்தில் எடுத்த உங்கள் புகைப்படத்தை மறுபடி பார்த்தபோது உங்களுக்கும் மா என்றே பட்டது.

கருத்தரங்கு இன்னும் ஏழு வாரத்தில். நெறியாளர் ஐயா, “உடல்நலம் சரியில்லை என்று எழுதிவிடு, போதும்” என்கிறார். உடன் படிக்கும் நண்பர், பதிலே போடாமல் விட்டுவிடலாம், எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்கிறார். உங்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு வேண்டியது திருத்தமா, திரும்பப் பெறுதலா? கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர், அரசன், ஆட்சியாண்டு, இரண்டு வரிக் குறிப்பு ஆகியவை மட்டும் வந்து, முழுப் பாடம் அச்சாகாமல் கிடக்கும் கல்வெட்டுகள் ஏராளம். உங்கள் கல்வெட்டும் அப்படிப் பட்டியலில் மட்டும் இருந்திருந்தால், “இதுவரை அறியப்படாத” என்ற சொல்லை நீக்கிவிட்டுத் தலைப்பை மாற்றித் தரலாமா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்கலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பயணச் செலவுதான் தடை என்றாலும், இணை ஆசிரியர் வந்து வாசிக்கலாமா, இணையவழியில் பேசலாமா என்று முதலில் கேட்பதே முறை. உங்கள் நிலை அதுவல்ல. கல்வெட்டு புதியது என்பதும் போயிற்று, அதன் மேல் எழுப்பிய வரி வாதமும் போயிற்று. மிச்சம் எதுவும் இல்லாத சுருக்கத்தைத் திருத்த முயன்றால் வேறொரு கட்டுரையைப் பழைய எண்ணின் கீழ் நுழைப்பதாகிவிடும். ஆகவே திரும்பப் பெறுங்கள். “திரும்பப் பெறலாமா என்று யோசிக்கிறேன்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரால் இடத்தைக் காலி செய்யவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

இப்போது காலம். நம் ஊர்க் கருத்தரங்குகளில் ஆய்வுக்கோவை பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகித் தொடக்க விழாவில் வெளியிடப்படுகிறது. ஆகவே உங்களுக்கான உண்மையான கெடு கருத்தரங்கு நாள் அல்ல, பக்கங்கள் அச்சகத்துக்குப் போகும் நாள். அதற்கு முன்பு உங்கள் கடிதம் போனால் ஒரு பக்கம் நீக்கப்படும், பொருளடக்கம் திருத்தப்படும், காத்திருக்கும் ஒருவருக்கு உங்கள் இருபது நிமிடம் கிடைக்கும். அதற்குப் பிறகு போனால், நீங்கள் மேடை ஏறாவிட்டாலும் 3 வேலிக்கு 15 கலம் என்ற கணக்கு சர்வதேசப் புத்தக எண்ணோடு நூலகத்துக்குப் போய்விடும். சில ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் சோழர் வரிச்சலுகைக்கு அதையே மேற்கோள் காட்டுவார். இதனால்தான் பேசாமல் இருந்துவிடும் வழி உங்களுக்குச் சிறிதும் பொருந்தாது என்கிறேன். திரும்பப் பெறும் பலர் “என்னால் வந்து வாசிக்க இயலாது” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அமர்விலிருந்து பெயர் போகிறது, புத்தகத்தில் கட்டுரை நிற்கிறது. இரண்டிலிருந்தும் எடுக்கச் சொல்லி எழுத வேண்டும்.

காரணத்துக்கு வருகிறேன். உங்கள் வரைவில் “தவிர்க்க இயலாத சில காரணங்களால்” என்று இருக்கிறது. ஒருங்கிணைப்பாளராக இருந்து இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தொடரைப் பார்த்ததும், இவருக்கு வேறு நல்ல அழைப்பு வந்துவிட்டது என்றுதான் மனம் போகும். உடல்நலம் என்று எழுதினால் அப்போதைக்கு இரக்கம் கிடைக்கும். ஆனால் கல்வெட்டுத் துறை சிறியது. அடுத்த மாதமே வேறொரு கூட்டத்தில் அதே அமர்வுத் தலைவர் உங்களிடம், “இப்போது உடம்பு எப்படி இருக்கிறதம்மா?” என்று அக்கறையாகக் கேட்பார். அந்தக் கேள்விக்கு இன்னொரு பொய் வேண்டும். அதோடு, உடம்பு சரியில்லை என்று சொன்னவரின் கட்டுரையை நல்லெண்ணத்தோடு புத்தகத்தில் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் தடுக்க நினைப்பதே அதைத்தான்.

உண்மைக் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மைய வாதம் ஒரு நில அளவு வாசிப்பைச் சார்ந்தது. அச்சான பாடத்தோடு ஒப்பிட்டதில் அந்த வாசிப்பு நிற்கவில்லை. இவ்வளவுதான். எந்த நூலகத்தில் தேடினீர்கள், யார் அந்தத் தொகுதியைப் பார்க்கச் சொல்லத் தவறினார்கள், நெறியாளர் என்ன சொன்னார் என்பதெல்லாம் வேண்டாம். வரைவில் நெறியாளரின் கவனக்குறைவைப் பற்றி ஒரு வரி வருகிறது, அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உண்மையாக எழுதுவதற்கு எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே நோய் என்றால்கூட “குடும்பத்தில் ஒரு மருத்துவச் சூழல்” என்பது போதும், நோயின் பெயரை எழுத வேண்டாம். ஒரே சுருக்கத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பி ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் எழுதக் கடினமான காரணம். அதையும் மறைக்காமல், “இதே ஆய்வு வேறோர் இடத்தில் ஏற்கப்பட்டுவிட்டது, இரண்டு இடத்துக்கும் அனுப்பியதை உங்களுக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும்” என்று எழுதுவதுதான் சரி. மற்ற நிகழ்ச்சி நிரலில் பெயர் எப்படியும் வரும்.

உங்கள் வரைவு ஒன்றரைப் பக்கம், அதில் மன்னிப்பு நான்கு முறை வருகிறது. திரும்பப் பெறுகிறேன் என்ற செய்தி கடைசிப் பத்தியில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் ஒரே நாளில் தங்குமிடம், உணவு, அச்சகம் என்று பல மடல்களைப் பார்ப்பவர். முதல் வாக்கியத்தில் செய்தி இல்லாவிட்டால், விடுதி அறை கேட்கிறார் போலிருக்கிறது என்று பிறகு படிக்க ஒதுக்கிவிடுவார். உங்கள் வரைவை நான் இப்படிச் சுருக்கினேன். ஏற்புக் கடிதம் வந்த அதே மடலுக்குப் பதிலாக, எல்லோருக்கும் போகும்படி அனுப்புங்கள். பொருள் வரியில் “சுருக்கம் திரும்பப் பெறுதல்” என்று எழுதி, சுருக்கத்தின் பதிவெண்ணையும் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

“மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்கண்ட பதிவெண் கொண்ட என் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அமர்வு நிரல், ஆய்வுக்கோவை இரண்டிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டுகிறேன்.

சுருக்கத்தின் மைய வாதம் கல்வெட்டில் வரும் ஒரு நில அளவைப் பற்றிய என் வாசிப்பைச் சார்ந்தது. முன்பே அச்சாகியுள்ள பாடத்தோடு ஒப்பிட்டபோது அந்த வாசிப்பு தவறு என்று தெரிந்தது. கல்வெட்டும் நான் எண்ணியதுபோல் புதியதல்ல.

சுருக்கத்தைப் படித்து ஏற்ற மதிப்பீட்டாளர்களின் நேரத்துக்கு நன்றி. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். என் நெறியாளருக்கும் இது தெரியும், அவருக்கும் நகல் அனுப்பியுள்ளேன். நீக்கியதை ஒரு வரியில் உறுதி செய்தால் உதவியாக இருக்கும்.”

கீழே பெயர், துறை, கைபேசி எண். மன்னிப்பு ஒன்று போதும். நெறியாளரைப் பற்றிய வரி சம்பிரதாயத்துக்காக இல்லை. அவர் பெயரும் சுருக்கத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் திரும்பப் பெற, மறுநாள் அவர் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து “நாங்கள் வருகிறோம்” என்றால், நல்லெண்ணம் அங்கேயே முறிந்துவிடும். ஆகவே முதலில் அவரிடம் அச்சான பாடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உடல்நலக் காரணத்தை அவர் சொன்னது உங்களைக் காப்பாற்றத்தான் என்று தோன்றுகிறது. 3 மாவுக்கு 15 கலம் என்ற கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் அவரே மனம் மாறக்கூடும்.

கட்டணம் கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். திருப்பித் தருவார்களா என்பது அறிவிப்பில் உள்ள விதியைப் பொறுத்தது. அதை இந்த மடலில் கேட்காதீர்கள். உறுதி வந்த பிறகு தனி மடலில், கட்டிய நாளையும் பணப் பரிவர்த்தனை எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் மடல் கணக்கருக்குத் திருப்பி விடப்பட்டு, பதிப்பாசிரியரிடம் போய்ச் சேராமலே நின்றுவிடும். “அடுத்த ஆண்டு நிச்சயம் கட்டுரை தருவேன்” என்ற உங்கள் வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். கையில் கட்டுரை இருக்கும்போது அனுப்புங்கள், இப்போது வாக்குக் கொடுக்க வேண்டாம். பார்வையாளராக வரும் எண்ணம் உண்மையில் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லலாம். அது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

சுருக்கத்தை இணையதளம் வழியாகப் பதிவேற்றியிருந்து, அதில் திரும்பப் பெறும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். ஆனால் அதை நம்பி மடலை விட்டுவிடாதீர்கள். அங்கே அழுத்தியது அச்சு வேலை பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். வாட்ஸப்பில் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு செய்தி போட்டுவிடுவதும் போதாது. மடலாக இருந்தால் அவர் அப்படியே பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிடலாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து, மடலைப் பார்த்தார்களா, பக்கம் அச்சுக்குப் போய்விட்டதா என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். போய்விட்டது என்று சொன்னால், திருத்தக் குறிப்பு ஒன்றை ஆய்வுக்கோவையில் செருகித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குறிப்பின் வாசகத்தை நீங்களே எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், அவர்களுக்கு வேலை மிச்சமாகும்.

பதில் வந்ததும் ஒரு நன்றி வரி போதும். அவர்களாகக் கேட்டால் அன்றி விளக்கத்தை மீண்டும் தொடங்காதீர்கள். அந்தச் சாய்வெளிச்சப் புகைப்படத்தைத் தேதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள். பொரிந்த இடத்தில் அச்சுப் பாடம் சரியாகத்தான் படித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்தக் கல்லில் மேலும் பொரிந்துகொண்டிருக்கும் மற்ற வரிகளையும் இந்தக் கோடை முடிவதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்.