வேலை இழந்த குடும்பத்தின் வரவு செலவு

கோயம்புத்தூர், திண்டுக்கல், இராஜபாளையம் வட்டாரங்களில் நிலத்தையும் நூற்பாலையையும் ஒருங்கே நம்பி வாழும் கிராமக் குடும்பங்கள் பல உள்ளன. வீட்டில் ஒருவர் ஆலைக்குச் செல்வார். மற்றவர்கள் மாடுகளையும் சிறு நிலத்தையும் கவனிப்பார்கள். ஆலை திடீரென மூடப்பட்டால் மாதம் தவறாமல் வந்த பணம் நின்றுவிடுகிறது. அதே சமயத்தில் பணிக்கொடையாக ஒரு பெருந்தொகை கைக்கு வருகிறது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இந்தத் தொகையைக் கையாளும் விதத்திலேதான். அதை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை ஒரு கணக்கின் மூலம் ஆராய்வோம்.

கையிருப்பு எவ்வளவு?

ஒரு தொழிலாளி ஓர் ஆலையில் 12 ஆண்டுகள் இடைவிடாது வேலை செய்தார் என்று கொள்வோம். அவருடைய கடைசி மாதச் சம்பளம், அகவிலைப்படி உட்பட, ரூ.13,000. பணிக்கொடையைக் கணக்கிட இத்தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். ஓர் ஆண்டு வேலைக்கு ரூ.7,500 கிடைக்கிறது, 12 ஆண்டுகளுக்கு ரூ.90,000 ஆகிறது. இத்தொகையை நிர்வாகம் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்கத் தவறினால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தால் அது பேருதவியாகும்.

இக்குடும்பத்துக்கு வங்கியில் ரூ.18,000 சேமிப்பும் உண்டு. இரண்டு கறவை மாடுகளின் பாலால், தீவனச் செலவு போக, மாதம் ரூ.3,000 மிஞ்சுகிறது. வருங்கால வைப்பு நிதியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது முதுமைக்கு உரிய பணம்; வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகே அதைத் தொட வேண்டும்.

செலவை எங்கே குறைப்பது?

வேலை இருந்தபோது வீட்டுச் செலவு மாதம் ரூ.18,000. பால் வருமானத்தைக் கழித்தால் ரூ.15,000 பற்றாக்குறை. செலவைக் குறைக்காவிட்டால் ரூ.90,000 ஆறே மாதத்தில் கரைந்துவிடும்.

செலவைக் குறைப்பது என்றவுடன் பலர் உணவிலும் தீவனத்திலும் கை வைக்கிறார்கள். இது தவறு. தீவனம் குறைந்தால் பால் குறையும். எஞ்சியிருக்கும் ஒரே வருமானமும் போய்விடும். முதலில் வேலையோடு ஒட்டி வந்த செலவுகளை நிறுத்த வேண்டும். பெட்ரோல், வெளியில் சாப்பிடும் சாப்பாடு, தேநீர் ஆகியவற்றில் மாதம் ரூ.2,000 மிஞ்சுகிறது. அடுத்தது சீட்டு. இன்னும் எடுக்காத சீட்டானால், நடத்துபவரிடம் பேசித் தம் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துவிட்டு விலகலாம்; இதனால் ரூ.1,500 குறைகிறது. எடுத்துவிட்ட சீட்டை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பொறுப்பு ஜாமீன் போட்டவர் தலையில் விழும்.

மொய், விருந்து, திருவிழா ஆகியவற்றில் ரூ.1,000 குறைக்கலாம். மொய் நோட்டில் உள்ளபடி திருப்பிச் செய்ய இயலாத நிலையை உறவினரிடம் ஒளிக்காமல் சொல்லி, ஒரு சிறு தொகையை வைத்து உறவைக் காப்பது நல்லது. நியாய விலைக் கடை அரிசியைச் சமைப்பதாலும், தொலைக்காட்சி, தின்பண்டம் போன்றவற்றைச் சுருக்குவதாலும் மேலும் ரூ.1,500 மிஞ்சுகிறது. ஆக, குறைந்தது ரூ.6,000. செலவு ரூ.12,000 ஆகிவிட்டது. பால் வருமானம் போகப் பற்றாக்குறை ரூ.9,000. அதே ரூ.90,000 இப்போது பத்து மாதம் வரும்.

எதை முதலில் செலுத்துவது?

கடன்காரர்களில் உரக்கக் கேட்பவருக்கே முதலில் கொடுப்பது மனித இயல்பு. ஆனால், கொடுக்காவிட்டால் எதை இழப்போம் என்று பார்த்து வரிசைப்படுத்துவதே சரியான முறை.

முதல் வரிசையில் உணவு, மருந்து, தீவனம், பள்ளிச் செலவு, மின்கட்டணம் ஆகியவை அடங்கும். இரண்டாவது வரிசையில் வருவது பொருளை இழக்கச் செய்யும் கடன். நகைக் கடனுக்கு உரிய காலத்தில் வட்டியாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணை நாளுக்குள் கட்டினால் வட்டி இல்லை. நாள் கடந்தால் அந்தச் சலுகை போய்விடும். மகளிர் குழுக் கடனையும் இவ்வரிசையிலேயே சேர்க்க வேண்டும். அதைக் கட்டாமல் விட்டால் சுமை அண்டை வீட்டுப் பெண்கள் மேல் விழுகிறது. நாளை அவசரத்துக்குக் கடன் தரும் ஒரே வாசலும் அடைபடுகிறது.

மூன்றாவது வரிசை தனியாரிடம் வாங்கிய கைமாற்று. பணிக்கொடை வந்த அன்றே எல்லாக் கடனையும் அடைத்து நிம்மதி பெற விரும்புவோர் உண்டு. இக்குடும்பத்துக்கு மூன்று வட்டியில், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில், ரூ.10,000 கடன் இருக்கிறது. மாத வட்டி ரூ.300. அசலை இப்போது அடைத்தால் மாதம் ரூ.300 மிஞ்சும், ஆனால் ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட வீட்டுச் செலவுப் பணம் கையை விட்டுப் போகும். ஆகவே வட்டியை மட்டும் தவறாமல் கட்டி, வேலை கிடைத்தவுடன் முதல் வேலையாக அசலை அடைப்பதே நலம். பத்து வட்டியாயின் கணக்கு மாறுகிறது. மாதம் ரூ.1,000 போகும், பத்து மாதத்தில் வட்டியே அசல் அளவு ஆகிவிடும். அத்தகைய கடனை உடனே அடைத்துவிட வேண்டும். கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை என்பதையும் உறுப்பினர்கள் ஊராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எந்தத் தவணையைக் கட்ட இயலாது என்று தெரிகிறதோ, அதற்கு உரியவரைத் தவணை நாளுக்கு முன்பே நேரில் கண்டு பேச வேண்டும். முன்கூட்டி வருபவருக்கு அவகாசம் கிடைப்பது எளிது. நாள் கடந்தபின் அபராதமும் கசப்புமே மிஞ்சும்.

சேமிப்பை நீட்டிப்பது

ரூ.90,000-ஐ ஒரே கணக்கில் வைத்தால் அது பெரிய பணமாகத் தோன்றும், கையும் தாராளமாகும். ஆகையால் மூன்று மாதச் செலவுக்கான ரூ.27,000-ஐ மட்டும் சேமிப்புக் கணக்கில் வைக்க வேண்டும். மீதி ரூ.63,000-ஐ வங்கியில் ரூ.9,000 வீதம் ஏழு தனித்தனி வைப்புகளாகப் போட்டு, நான்காம் மாதம் முதல் பத்தாம் மாதம் வரை ஒன்றன்பின் ஒன்றாக முதிரும்படி அமைக்கலாம். அவசரம் வந்தாலும் ஒரு ரசீதை மட்டும் உடைத்தால் போதும், மற்றவை கலையா. முன்பே இருந்த ரூ.18,000-ஐ ஆண்டுக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணத்துக்கும் நோய்க்கும் ஒதுக்கி வைப்பது அவசியம்.

இம்முறையில் ஓர் எச்சரிக்கை மணியும் அடங்கியிருக்கிறது. ஏதேனும் ஒரு ரசீது, தன் மாதம் வருமுன் உடைக்கப்பட்டால் கணக்கு எங்கோ ஓட்டையாகிறது என்று பொருள். அன்றே குடும்பத்தார் கூடியிருந்து நோட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாத முடிவிலும் புது வருமானம் வராவிட்டால், கையில் பாதிப் பணம் உள்ளபோதே, இருசக்கர வாகனத்தை விற்பது போன்ற இரண்டாவது முடிவை எடுக்க வேண்டும். பணம் தீர்ந்தபின் விற்பவர் கேட்ட விலைக்கே கொடுக்க நேரும்.

முதல் மாதங்களில் பணிக்கொடையைப் போட்டுப் பெட்டிக்கடை திறக்கச் சொல்வோர் பலர் இருப்பர். கிராமத்தில் கடை வியாபாரம் பெரும்பாலும் பற்று வரவில் நடப்பது. அறுவடை வரை பற்று வசூலாகாது. அதற்குள் முதல் சரக்காகவும் கடனாகவும் முடங்கிவிடும். வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பணம் வியாபார முதலாகாது. இரண்டையும் பிரித்து வைத்த குடும்பமே, நல்ல வேலை வரும் வரை, மாட்டையும் நகையையும் விற்காமல் காத்திருக்க முடியும்.