குற்ற உணர்வும் அவமான உணர்வும்

தவறு செய்தவனின் மனத்தில் எழும் வேதனை ஒன்றே போலத் தோன்றினும், அதனுள் இரு வேறு உணர்வுகள் உள்ளன. 'நான் செய்தது தவறு' என்று வருந்துவது குற்ற உணர்வு. 'நான் தவறானவன்' என்று குன்றிப்போவது அவமான உணர்வு. முன்னதில் மனத்தின் பார்வை செயலின்மீது விழுகிறது. பின்னதில் அது செய்தவன்மீதே விழுகிறது. ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1971-இல் வெளியிட்ட தமது நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, தவறுக்குப் பின் மனிதன் நடந்துகொள்ளும் முறையையே மாற்றிவிடுகிறது. செய்த செயலைத் திருத்த இயலும். எடுத்ததைத் திருப்பித் தரலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஆகவே குற்ற உணர்வு மனிதனைப் பாதிக்கப்பட்டவரை நோக்கி நடக்க வைக்கிறது. 'நானே கெட்டவன்' என்று எண்ணுபவனுக்கோ திருத்துவதற்கென்று எதுவும் தெரிவதில்லை. அவன் பிறர் கண்ணில் படாமல் மறைய விரும்புகிறான். மறைய முடியாதபோது சினம் கொள்கிறான். பழியைப் பிறர்மீது சுமத்துகிறான்.

காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் கூறும் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று இங்கு ஆராயத்தக்கது. அவருடைய அண்ணனுக்குச் சுமார் 25 ரூபாய்க் கடன் இருந்தது. அதை அடைப்பதற்காக, அண்ணன் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைக் காந்தி வெட்டி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 15. கடன் தீர்ந்தது, ஆனால் மனம் அமைதி பெறவில்லை. இனித் திருடுவதில்லை என உறுதி பூண்டார். தந்தையிடம் உண்மையைச் சொல்லவும் முடிவு செய்தார். வாய்விட்டுச் சொல்லத் துணிவு வரவில்லை. தந்தை அடிப்பார் என்ற அச்சம் அதற்குக் காரணமன்று. அவர் மனம் புண்படுமே என்ற கவலையே காரணம்.

எனவே ஒரு தாளில் எழுதி, நோயுற்றுப் பலகைமீது படுத்திருந்த தந்தையிடம் நடுங்கியவாறு கொடுத்தார். அதில் நான்கு செய்திகள் இருந்தன: செய்த தவறு இன்னதென்ற ஒப்புதல், அதற்குத் தக்க தண்டனை தருமாறு வேண்டுகோள், தம் பிழைக்காகத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ளக் கூடாது என்ற விண்ணப்பம், இனித் திருடுவதில்லை என்ற உறுதிமொழி.

இவற்றுள் எதிலும் 'நான் இழிந்தவன்' என்ற புலம்பல் இல்லை. பிறரைப் பழிக்கும் சொல்லும் இல்லை. கடன் அண்ணனுடையது என்று சொல்லித் தப்ப வழியிருந்தும் அவர் அதை நாடவில்லை. குற்ற உணர்வு செம்மையாகச் செயற்படும் விதம் இதுவே.

தந்தை செய்ததும் நம் கவனத்திற்குரியது. எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சற்று நேரம் கண்களை மூடிச் சிந்தித்தார். பின் தாளைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். தவறு அவரை எவ்வளவு வருத்தியது என்பதை மகன் நேரில் கண்டான். ஆனால் 'திருடன்' என்ற பெயர் அவன்மீது விழவில்லை. அப்பெயர் சூட்டப்பட்டிருந்தால் மகனின் மனம் தந்தையின் வேதனையை விட்டுத் தன் மானத்தைக் காக்கவே முனைந்திருக்கக்கூடும்.

ஜூன் டாங்னி என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கச் சிறை ஒன்றின் கைதிகளை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். குற்ற உணர்வு கொள்ளும் இயல்பு மிகுந்தவர்கள், விடுதலைக்குப் பின் முதல் ஆண்டில் மீண்டும் குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமான உணர்வோ இரு வழிகளில் சென்றது. அது பிறர்மீது பழி சுமத்தும் போக்காக மாறிய இடத்தில் மறுகுற்றத்திற்கு வழிவகுத்தது. அவ்வாறு மாறாத இடத்தில் ஓரளவு தடுத்தது. எனவே அவமான உணர்வு முற்றிலும் பயனற்றது என்று கூறிவிட முடியாது.

அப்படியானால், திருவள்ளுவர் 'நாணுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்ததும், கீதை 'ஹ்ரீ' எனும் நாணத்தைத் தெய்விகப் பண்புகளுள் சேர்த்ததும் எவ்வாறு பொருந்தும்? அங்குப் போற்றப்படும் நாணம், தகாத செயலைச் செய்யுமுன் கூசி விலகும் பண்பு. செய்தபின் தன்னையே வெறுக்கும் நிலையன்று.

குற்ற உணர்வுக்கும் எல்லை உண்டு. தம் கையில் இல்லாத நிகழ்வுக்குப் பொறுப்பேற்று வருந்துவதும், ஈடு செய்து முடித்த பின்னும் தம்மை வருத்திக்கொண்டே இருப்பதும் அந்த எல்லையைக் கடந்தவை. அத்தகைய வருத்தத்தால் பாதிக்கப்பட்டவருக்கு எந்த நன்மையும் விளைவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும். தவறு நேர்ந்தபின் மனம் யாரை நினைக்கிறது? 'பார்த்தவர்கள் என்ன எண்ணுவார்கள்' என்று சுழன்றால் அது பெரும்பாலும் அவமானம். 'அவருக்கு என்ன நேர்ந்தது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்' என்று சென்றால் அது குற்ற உணர்வு. பெரும்பாலும் இரண்டும் கலந்தே எழும். அப்போது செய்த செயலை மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன்கீழ் அதற்குரிய ஈட்டையும் எழுதலாம். 'நான் எப்போதுமே இப்படித்தான்' என்ற வாக்கியம் அதனிடையே புகுந்தால், அதை அடித்துவிட்டு மீண்டும் செயலுக்கே திரும்ப வேண்டும்.