நள்ளிரவில் மாறிய விலையும் காணாமற்போன 48,700 ரூபாவும்

கொழும்பிலிருந்து புத்தளம் போகிற வீதியில் கற்பிட்டிப் பாதை பிரிகிற இடம் பாலாவி. சீமெந்து லொறி, உப்பு லொறி, நுரைச்சோலை அனல்மின் நிலையப் பக்கம் போகிற வாகனங்கள், படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கான்களோடு வருகிறவர்கள் என்று இரவிலும் ஆள் நடமாட்டம் ஓயாத பாதை. இப்படிப்பட்ட பாதையோரத்துப் பெற்றோல் செட்டில் காலைக் கணக்கில் காசு குறைந்தால், முதலில் எல்லோருடைய கண்ணும் போவது இரவு பம்பில் நின்ற பையன் மேல்தான். விற்பனைத் தாளைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளே இதற்குக் காரணம். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: மீற்றர் ஓடிய லீற்றரை விலையால் பெருக்கினால் விற்பனை

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நொசிலுக்கும் ஒரு மொத்த மீற்றர் உண்டு. வாடிக்கையாளர் பார்க்கிற முகப்பு எண் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கு வரும். மொத்த மீற்றர் அப்படி வராது, கூடிக்கொண்டே போகும். (முகப்பைப் பூஜ்யமாக்கி விற்பனையை மறைத்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த லீற்றர் மொத்த மீற்றரில் ஏறித்தான் இருக்கும்.) காலை வாசிப்பை மறுநாள் காலை வாசிப்பிலிருந்து கழித்தால் கிடைப்பது அந்த நொசில் வழியாக வெளியேறிய எரிபொருள். ஆனால் வெளியேறியதெல்லாம் விற்பனை அல்ல. விற்றதெல்லாம் ஒரே விலைக்கு விற்றதும் அல்ல.

2025 ஜூன் 30 நள்ளிரவை எடுத்துக்கொள்வோம். அன்று ஓட்டோ டீசல் லீற்றர் 274 ரூபாவிலிருந்து 289 ரூபாவாக உயர்ந்தது. கீழே வரும் லீற்றர்களும் காசும் விளக்கத்துக்காக நான் போட்டவை, விலைகள் உண்மையானவை. செட்டின் கணக்கு நாள் காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை என்று கொள்ளுங்கள். டீசலுக்கு இரண்டு நொசில்.

| | 30 காலை | விலை மாற்றியபோது | 1 காலை |
|---|---|---|---|
| முதல் நொசில் | 418,236 | 419,872 | 420,310 |
| இரண்டாம் நொசில் | 203,518 | 204,946 | 205,186 |

பழைய விலையில் முதல் நொசிலில் 1,636 லீற்றர், இரண்டாவதில் 1,428, ஆக 3,064 லீற்றர் ஓடியிருக்கிறது. இதில் காலை வாசிப்பு எடுத்த பிறகு, அளவு சரிதானா என்று பார்க்க நொசிலுக்கு 5 லீற்றர் வீதம் அளவைப் பாத்திரத்தில் அடித்து, தாங்கிக்கே திருப்பி ஊற்றிய 10 லீற்றரும் அடக்கம். அதைக் கழித்தால் விற்றது 3,054 லீற்றர். 274 ரூபாப்படி 836,796 ரூபா. புதிய விலையில் 438 உம் 240 உம் சேர்ந்து 678 லீற்றர், 289 ரூபாப்படி 195,942 ரூபா. அன்றைய டீசல் விற்பனை 1,032,738 ரூபா.

இப்போது நடு வாசிப்பை யாரும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலையில் தாள் எழுத உட்காருகிறவர் முன்னால் இருப்பது தொடக்க வாசிப்பும் முடிவு வாசிப்பும், சுவரில் தொங்குகிற புதிய விலைப்பலகையும் மட்டுமே. 3,742 லீற்றரை 289 ஆல் பெருக்குகிறார். வருவது 1,081,438 ரூபா. கையில் உள்ள காசோ 48,700 ரூபா குறைவு. ஒரு லீற்றர்கூடத் திருடப்படவில்லை. பழைய விலைக்கு விற்ற 3,054 லீற்றருக்கு 15 ரூபாப்படி 45,810, திருப்பி ஊற்றிய 10 லீற்றருக்கு 2,890, அவ்வளவுதான் அந்தக் குறைவு. ஆனால் பையனின் சம்பளத்தில் கைவைக்க இந்த ஒரு பெருக்கலே போதும்.

மறுபக்கம் இன்னும் மோசம் என்பேன். பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் 274 ஆல் பெருக்கினால் 1,025,308 ரூபா வரும். அப்போது காசு 7,430 ரூபா மிச்சமாகத் தெரியும். குறைந்தால் சத்தம் போடுகிற முதலாளிகள் மிஞ்சினால் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காரணம் தெரியாத மிச்சம் மேசையில் கிடக்கும்போது, அதை எடுப்பவரைக் கண்டுபிடிக்க எந்தத் தாளாலும் முடியாது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நடு வாசிப்பைக் கடிகாரம் பார்த்து எடுக்கக் கூடாது. அந்த நொசிலில் விலை எப்போது மாற்றப்பட்டதோ அந்தக் கணத்தில், நொசில் நொசிலாக எடுக்க வேண்டும். 12 மணிக்கு ஒரு லொறிக்கு அடித்துக்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டே விலையை மாற்ற முடியும். ஒரு நொசிலில் 20 நிமிடம் தாமதமாக மாற்றி, இடையில் 60 லீற்றர் போயிருந்தால் 900 ரூபா உண்மையாகவே நட்டம். அது செட்டின் நட்டம், பையனுடையது அல்ல. வாசிப்புக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதி, பம்பில் நின்றவரும் பொறுப்பாளரும் கையெழுத்து வைத்திருந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும்.

கற்பிட்டிப் பக்கத்து மீனவர்களுக்கு மறக்காத நள்ளிரவு ஒன்று உண்டு. 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அன்று விலைக்கோட்டின் தவறான பக்கத்தில் 100 லீற்றர் விழுந்தால் தாளில் 25,300 ரூபா பிழைக்கும். மண்ணெண்ணெய்ப் பம்ப் ஓரமாக நிற்பதால் அதன் மீற்றரை நாள்தோறும் பார்க்காமல் விடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விலை மாறுகிற இரவில் அந்த வழக்கம் உதவாது.

நம்பிக்கை: வங்கியில் போட்ட தொகையும் விற்பனையும் ஒன்றாக இருக்க வேண்டும்

ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மேலே சொன்ன ஜூன் 30 ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு வங்கி இல்லை. திங்கள் பகல் வங்கிக்குப் போகிற பையில் வெள்ளி மாலையிலிருந்து சேர்ந்த காசும் இருக்கும், திங்கள் காலைக் காசில் ஒரு பங்கும் இருக்கும். வைப்புச் சீட்டில் 1,560,000 என்று இருந்தால் அதில் 1,160,000 வார இறுதிக் காசு, 400,000 மட்டுமே அன்றையது. சீட்டின் பின்பக்கத்தில் எந்தத் தாளுக்கு எவ்வளவு என்று எழுதாமல் விட்டால், ஒரு நாளின் குறைவை அடுத்த நாளின் காசு மூடும், அதை அதற்கடுத்த நாள் மூடும். உண்மையில் கை வைத்தவர்களும் இந்த வழியைத்தான் பயன்படுத்துவார்கள்.

நம் கணக்கை முடிப்போம். எளிமைக்காக டீசலை மட்டும் பார்க்கிறேன். விற்பனை 1,032,738. இதில் மாதக் கடனுக்கு அடித்த லொறிகளின் துண்டுகள் 612 லீற்றர். எல்லாம் பகலில் அடித்தவை, ஆகவே 274 ரூபாப்படி 167,688. கார்ட் மெஷின் நாள் முடிவில் அடித்த மொத்தத் துண்டு 214,300. இரண்டையும் கழித்தால் காசாக இருக்க வேண்டியது 650,750 ரூபா. வங்கிக்குப் போனது 400,000. ஆகவே காலையில் பெட்டகத்தில் 250,750 இருக்க வேண்டும். எண்ணினால் 250,490. குறைவு 260 ரூபா.

இந்த 260 ஒரு லீற்றரின் விலைக்கும் கீழே. மீற்றரின் முழு எண்ணை மட்டும் எழுதிக் கடைசிச் சக்கரத்தை விட்டுவிட்டால் ஒரு நொசிலிலேயே ஒரு லீற்றர் வரை அங்குமிங்கும் போகும். மீதிச் சில்லறை கொடுத்ததிலும் கொஞ்சம் போகும். இதை 'காசு குறைவு 260' என்று அப்படியே எழுதிவிட வேண்டும். யாரோ தன் பையிலிருந்து போட்டுச் சரிசெய்தால் தாள் அழகாக இருக்கும், ஆனால் மாதம் முழுக்கப் பூஜ்யம் காட்டுகிற தாளை நான் நம்பமாட்டேன். சிறிய குறைவும் சிறிய மிச்சமும் மாறி மாறி வருவதுதான் இயல்பு. ஒரே ஆளின் முறையில், ஒரே பக்கமாக, 200, 300 என்று குறைந்துகொண்டே வந்தால் அதுதான் விசாரிக்க வேண்டியது.

கார்ட் தொகையில் ஒரு எச்சரிக்கை. வங்கி தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியையே பிறகு கணக்கில் போடும். தாளில் எழுத வேண்டியது மெஷின் துண்டில் உள்ள தொகை. வங்கிக் கணக்கில் வந்த தொகையை எழுதினால் கழிவும் பையன் தலையில் விழும்.

நம்பிக்கை: மீற்றரும் காசும் ஒத்துவந்தால் கணக்கு சரி

மீற்றர் சொல்வதைத்தான் காசு பின்பற்றுகிறது. மீற்றரே பிழையாகச் சொன்னால் இரண்டும் சேர்ந்து பிழைக்கும், தாள் சிரித்துக்கொண்டிருக்கும். தேய்ந்த பம்ப் 20 லீற்றர் என்று காட்டி 20 லீற்றரும் 60 மில்லிலீற்றரும் ஊற்றினால் அது 0.3 சதவீதம். எரிபொருள் பம்புகளுக்குச் சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பு பரிந்துரைக்கும் 0.5 சதவீத எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் நம் 3,742 லீற்றரில் 11 லீற்றர், ஏறக்குறைய 3,200 ரூபா, ஒவ்வொரு நாளும் இலவசமாகப் போகிறது.

இதைத் தாளில் காட்டிக்கொடுப்பது தாங்கிக்குள் இறக்குகிற டிப் ஸ்டிக்தான். நேற்றைய டிப், அதோடு பவுசர் இறக்கியது, அதிலிருந்து மீற்றர் விற்பனையைக் கழித்தால் இன்றைய டிப் வர வேண்டும். ஆனால் ஒரு நாள் டிப்பை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பவுசர் 6,600 லீற்றரோ 13,200 லீற்றரோ இறக்கிய உடனே தாங்கிக்குள் எரிபொருள் அலைமோதும், கோல் பொய் சொல்லும். வெயிலில் சூடாக வந்த பெற்றோல் நிலத்தடித் தாங்கியில் குளிரும்போது சுருங்கும்: ஒரு பாகைக்கு ஆயிரம் லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். 6,600 லீற்றர் மூன்று பாகை குளிர்ந்தால் யாரும் தொடாமலே 20 லீற்றர் குறைந்திருக்கும். டீசல் இதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்.

ஆகவே டிப் வித்தியாசத்தை நாளுக்கு நாள் பார்த்துப் பதறாமல் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டும். வெப்பத்தால் வரும் வித்தியாசம் பவுசர் வந்த நாட்களை ஒட்டியே தெரியும். பவுசர் வராத நாட்களிலும் விற்பனை கூடக் கூடக் குறைவும் அதே விகிதத்தில் கூடினால் கோளாறு நொசிலில். விற்பனையே இல்லாத இரவிலும் குறைந்தால் தாங்கியோ குழாயோ கசிகிறது. எந்த நொசில் என்று அறிய, காலையில் அடிக்கும் அந்தச் சோதனை லீற்றரை ஒவ்வொரு நொசிலுக்கும் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தாலே போதும். பிழை கண்டால் மெக்கானிக்கை வைத்து மீற்றரைத் திருகிவிட முடியாது. அதில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறது. அதை உடைத்துச் சரிசெய்தால் மறுபடி அவர்கள் சரிபார்த்து முத்திரையிடும் வரை அந்த நொசிலை மூடி வைக்க வேண்டும். மூடிய நாட்களிலும் அதன் வாசிப்பைத் தாளில் எழுதுங்கள்: தொடக்கமும் முடிவும் ஒரே எண்ணாக.